நான்கு வரிக்கு ஆறு பிழை

ஷெரோன் தன் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே அதிக நேரம் எடுத்தது அந்த நான்கு வரிக்குத்தான். கனடாவுக்கு வந்தபோது அகதி விண்ணப்பத்துக்காகப் பதினேழு பக்கம் எழுதியவள். அது இரண்டு பின்னேரத்தில் முடிந்தது. இந்த நான்கு வரிக்கு ஒரு கிழமை போனது. ஏனென்றால் இது பிலிப்பைன்சின் தகாலொக் மொழியில் எழுதப்பட்டது, அதுவும் இமெல்டாவுக்கு.

இமெல்டா யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஷெரோன் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் பிலிப்பினோக்கள். சமையலறையில் நிற்கும் அர்னெலும் அவர்களில் ஒருவன். கஞ்சிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பகிடி விடுவான், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும். அந்தக் கண்ணைத் தேடிப் போனதில்தான் ஷெரோன் தொலைந்தாள். இமெல்டா அவனுடைய அக்கா. தாய் தகப்பன் போன பிறகு அவனைப் பதினொரு வயதிலிருந்து வளர்த்து, மொன்றியலுக்குக் கூப்பிட்டு, ஆளாக்கியவள். காலையில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசை. பின்னேரத்தில் கோத்-தே-நேஜில் பிலிப்பினோக்கள் நடத்தும் இருவாரப் பத்திரிகைக்குப் பிழை திருத்துவது. அவளுடைய சம்மதம் இல்லாமல் அர்னெல் புதுச் சப்பாத்துக்கூட வாங்கமாட்டான், கலியாணம் எப்படி?

மறுபக்கத்தில் ஷெரோனின் அம்மா பிலோமினம்மா, கத்தோலிக்கர். மன்னாரிலிருந்து வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறா. மகள் வேற்றுநாட்டுப் பெடியனை விரும்புகிறாள் என்று கேட்டதும் கத்தவில்லை, அழவில்லை. ஒரேயொரு நிபந்தனை போட்டா.

"வேதக்காரப் பெடியன் எண்டபடியால் நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அவையின்ர பெரியாக்கள் வீட்ட வந்து, முறையாக் கேக்கோணும். நடுத்தெருவில கதைச்சு முடிக்கிற கதை என்னட்ட வேண்டாம்."

இதைக் கேட்டு அர்னெல் துள்ளிக் குதித்தான். பிலிப்பைன்சிலும் இதே வழக்கம்தானாம். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டோடு பெண் வீட்டுக்குப் போய்க் கேட்பதற்கென்று தனிப் பெயரே இருக்கிறதாம். இரண்டு ஊருக்கும் ஒரே முறை, பிறகென்ன தடை? தடை என்னவென்றால் இமெல்டா வரவில்லை. எட்டு மாதம். "அடுத்த மாதம் பார்ப்போம்", "பத்திரிகை வேலை தலைக்கு மேல்" என்று எட்டு மாதமும் புன்சிரிப்போடு கழித்துவிட்டாள்.

ஆனால் ஷெரோனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நல்லவிதமாகத்தான் நடந்தாள். ஷெரோன் தான் பொறுக்கிச் சேர்த்த தகாலொக்கில் எதையாவது சொன்னால் போதும், இமெல்டா இரண்டு கையையும் தட்டி, "ஆங் கலிங்!" என்பாள். என்ன கெட்டித்தனம் என்று அர்த்தம். ஷெரோன் அதைக் கேட்டுப் பூரித்துப் போவாள். வீட்டில் அர்னெலும் அதே மாதிரித்தான் அம்மாவிடம் புகழ் வாங்கிக்கொண்டிருந்தான். "வணக்கம் அம்மா, நான் சாப்பிட்டது நீங்கள்" என்று அவன் சொன்னபோதுகூட, பிலோமினம்மா முகம் கோணாமல், "நல்லாக் கதைக்கிறீர் தம்பி, இருங்கோ" என்றா. எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள், ஒரு காரியமும் நடக்கவில்லை.

கடைசியில் ஷெரோன் துணிந்தாள். அழைப்பைத் தானே எழுதுவது, அதுவும் அவர்களுடைய மொழியில், ஒருவரிடமும் உதவி கேட்காமல். அர்னெலுக்குக்கூடச் சொல்லவில்லை. பத்திரிகையின் மூலையில் அச்சிட்டிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு திங்கட்கிழமை அனுப்பினாள்.

Maganda na araw po, Ate Imelda.
Iniimbita po kayo nang nanay ko sa maliitng bahayng namin sa Linggo.
Magluluto po siya nang manok.
Kumain po tayo ng mabuti.

நல்ல நாளாகட்டும், இமெல்டா அக்கா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்ன வீட்டுக்கு உங்களை என் அம்மா அழைக்கிறா. அவ கோழி சமைப்பா. நாங்கள் நன்றாகச் சாப்பிடுவோம். சொல்லவந்தது இவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ng என்றும் nang என்றும் இரண்டு சொல் உண்டு. வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான், "நங்". ஷெரோன் இந்த மொழியைச் சமையலறையில் காதால் படித்தவள். எழுதப்போனால் எங்கே எது என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அதனால் அவள் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். 'வா' என்பதை விட 'வாங்கோ' நீளம். நீளம்தான் மரியாதை. ஆகவே அம்மா வரும் இடத்தில் நீட்டி nang. விருந்தாளிக்கு வைக்கும் கோழிக்கும் நீட்டி nang. நாங்கள் சும்மா சாப்பிடுகிற இடத்தில் சின்ன ng போதும். தனக்குள் எவ்வளவு மெச்சிக்கொண்டாள் தெரியுமா? சொல்லையும் சொல்லையும் ஒட்டும் இன்னொரு ng அவர்களிடம் இருந்தது. அதற்கும் அவள் கைவசம் ஒரு சட்டம் இருந்தது: சந்தேகம் வந்தால் ஒட்டிவிடு.

புதன்கிழமை இடைவேளையில் அர்னெல் ஒரு கடித உறையோடு ஓடிவந்தான். உறையின் வாயை இரண்டு தரம் பசைநாடாவால் ஒட்டியிருந்தது.

"அக்கா தந்தாள். உனக்கு மட்டுமாம். நான் பார்க்கக் கூடாதாம்." அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "என்ன செய்தாய் ஷெரோன்? அக்கா ராத்திரி முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்."

ஷெரோன் துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உறையைக் கிழித்தாள். உள்ளே அவளுடைய மின்னஞ்சல், கடதாசியில் அச்சடித்தபடி. ஆனால் அவள் எழுதியது கண்ணில் படவில்லை. பச்சை மை. வட்டம், கோடு, அம்புக்குறி, ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு. அம்மாவுக்கு முன்னால் நின்ற nang-இன் கழுத்தில் ஒரு வெட்டு. கோழிக்கு முன்னால் நின்றதற்கும் ஒரு வெட்டு. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் அடக்கமாக நின்ற ng-ஐ இழுத்து nang ஆக்கியிருந்தது. மூன்று இடம் இருந்தது, மூன்றிலும் அவள் நேர்மாறாக எழுதியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால்கூட ஒன்றாவது சரியாய் வந்திருக்கும்.

ஓரத்தில் எழுதியிருந்தது: "ng என்றால் எதை, யாருடைய, யாரால். nang என்றால் எப்படி, எப்போது." கீழே, "maganda உயிரில் முடிகிறது, ng ஒட்டும்: magandang. maliit மெய்யில் முடிகிறது, ng ஒட்டாது, na தனியாக நிற்கும். bahay namin: நடுவில் ஒன்றுமே வேண்டாம், ஏன் அதைத் தொந்தரவு செய்கிறாய்?" எல்லாவற்றுக்கும் அடியில் ஒரேயொரு சொல், இரண்டு தரம் அடிக்கோடிட்டு: Ulitin. திரும்பச் செய் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றில்லை. வரவில்லை என்றுமில்லை. கோழியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஷெரோனுக்குக் காது இரண்டும் கொதித்தன. எட்டு மாதம் கை தட்டியவள், எழுத்தில் கண்டதும் தன் உண்மை முகத்தைக் காட்டிவிட்டாள். வீட்டுக்குக் கூப்பிட்ட மனிசியிடம் கணக்குக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தது போல அல்லவா கொடுத்திருக்கிறாள்! அழுகை வந்தது. அழுதாள். அங்கே துடைத்துக்கொள்ள நூற்றியிருபது படுக்கை விரிப்பு இருந்தது, அது ஒரு வசதி.

அன்று பின்னேரம் அர்னெலைக் கண்டும் காணாமல் பஸ் ஏறினாள். வீட்டுக்குப் போய், "ஞாயிறு அவை வரேல்லையாம்" என்றாள்.

"வரேல்லையோ?" பிலோமினம்மா மீன் அரிந்த கையோடு திரும்பினா. "நான் ஜான்-டலோன் சந்தையில மூண்டு கோழிக்குச் சொல்லி வச்சிட்டனடி!"

"நாங்களே தின்னுவம்."

"மூண்டு கோழியையோ? ரெண்டு பேரோ?"

"ஓம் அம்மா, ரெண்டு பேர்தான். இனி எப்பவும் ரெண்டு பேர்தான்" என்று சொல்லிவிட்டு ஷெரோன் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். பிலோமினம்மா மீனைப் பார்த்தா, கதவைப் பார்த்தா, பிறகு மீனையே அரிந்தா.

கோபம் ஒரு நல்ல வாத்தியார். வியாழக்கிழமை முழுவதும் அந்தப் பச்சைக் குறிப்புகள் ஷெரோனின் தலைக்குள் சுற்றிக்கொண்டேயிருந்தன. எதை, யாருடைய, யாரால். எப்படி, எப்போது. ஒரு கிழவிக்குக் காலுறை மாட்டும்போதும் அதுதான், மருந்து வண்டியைத் தள்ளும்போதும் அதுதான். ஒட்டும், ஒட்டாது, ஒன்றுமே வேண்டாம். இமெல்டாவைத் திட்டுவதற்கே அவள் அந்தச் சட்டங்களைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், எல்லாம் பாடம்.

அன்று மத்தியானம் வேலையாட்களின் அறை மேசையில் அந்தப் பத்திரிகை கிடந்தது. புதிய இதழ். ஷெரோன் ஒரு பகையாளியின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போலத் திறந்தாள். நான்காம் பக்கத்தில் ஒரு உணவகத்தின் விளம்பரம். Masarap pagkain! Kumain ng mabuti!

அவள் கையிலிருந்த சான்ட்விச் அப்படியே நின்றது. சுவையான சாப்பாடு, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று எழுதியிருக்கிறான். ஆனால் masarap மெய்யில் முடிகிறதே, na எங்கே? நன்றாக என்றால் எப்படி அல்லவா? எப்படி என்றால் nang அல்லவா? இது அவளுடைய பிழை! அச்சொட்டாக அவள் விட்ட பிழை! அதற்குக் கீழே ஒரு பிறந்தநாள் வாழ்த்து, கியூபெக்காரக் கணவன் ஒருவன் தன் பிலிப்பினோ மனைவிக்குப் போட்டது: Sa mahal ko asawa. என் அன்பு மனைவிக்கு. ko உயிரில் முடிகிறது ஐயா, ng ஒட்ட வேண்டாமா, kong என்று வரவேண்டாமா? எல்லாம் அப்படியே, ஒரு பொட்டுப் பச்சையில்லாமல் அச்சாகியிருந்தது. இமெல்டாவின் பத்திரிகையில். இமெல்டாவின் கண்ணுக்குக் கீழே.

ஊரெல்லாம் பிழை விடலாம், ஷெரோன் மட்டும் விடக்கூடாது. அப்படியென்றால் மொழியில் அல்ல, அவளில்தான் குறை கண்டிருக்கிறாள்! ஷெரோன் பத்திரிகையைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தாள். வேலை முடிந்த கையோடு மெத்ரோவில் ஏறி, பிளமொண்டனில் இறங்கினாள். பிலிப்பைன்சுக்குப் பெட்டி அனுப்பும் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் பத்திரிகை அலுவலகம். படியெல்லாம் வெற்றுப் பெட்டி. ஒன்றில் இடறி, இன்னொன்றை உதைத்து, மேலே போய்ச் சேர்ந்தபோது தமிழில் திட்ட வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. ஆங்கிலத்தில்தான் ஒன்றும் வரவில்லை.

இமெல்டா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். சின்ன உருவம், வாய் நிறையச் சூயிங்கம். கையில் பச்சைப் பேனா.

"ஆ, ஷெரோன்! கொண்டு வந்துவிட்டாயா?"

"என்னத்தைக் கொண்டு வர?" ஷெரோன் பத்திரிகையை மேசையில் விரித்துக் குத்தினாள். "இது என்ன? ng mabuti! எப்படி என்றால் nang, நீங்கள்தானே எழுதினீர்கள்? இங்கே na இல்லை. இங்கே ko, ng இல்லை. இவர்களுக்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஏன் பச்சை மை? என்னைப் பிடிக்கவில்லை என்றால் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாமே!"

அறையில் இருந்த இன்னொரு ஆள், கணினிக்குப் பின்னால் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா, மெதுவாகத் தலையைத் தாழ்த்தினார்.

இமெல்டா சூயிங்கம்மை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கோபிக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்தாள், ஷெரோனைப் பார்த்தாள். "நீயே கண்டுபிடித்தாயா? மூன்றையும்?"

"எல்லாவற்றையும்!"

"இரண்டே நாளில்?"

"கோபத்தில்!"

இமெல்டா எழுந்து சுவரிலிருந்த அலுமாரியின் இழுப்பறையைத் திறந்தாள். "இங்கே வா. இது விளம்பரம். இது வாழ்த்து. இவை வெளியாட்கள் எழுதித் தருவது. அவர்களுடைய சொல், அவர்களுடைய பெயர். நான் தொடமாட்டேன். தொட்டால் அவமானப்படுத்துவது போல. 'சலாமாட், நன்றி, மிக நன்று' என்று சொல்லி அப்படியே போடுவேன். இருபது வருடமாக இந்த அலுவலகத்தின் வழக்கம் இதுதான்." அடுத்த இழுப்பறையை இழுத்தாள். உள்ளே கட்டுக் கட்டாகப் பச்சை. "இது எங்களுடைய ஆட்கள் எழுதியது. இது அதோ இருக்கிறாரே, அவர் எழுதிய தலையங்கம். இது நானே எழுதியது. பார், இது அர்னெல் கூடைப்பந்துப் போட்டியைப் பற்றி எழுதியது."

ஷெரோன் எட்டிப் பார்த்தாள். அர்னெலின் பக்கத்தில் பச்சைக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் கறுப்பும் தெரிந்தது.

"அவனுமா? அவனுக்கு இது தாய்மொழி!"

"தாய்மொழிக்காரர்கள்தான் இதில் மோசம். பாதி நாடே ng, nang மாறி எழுதும். எங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுதானே!" இமெல்டா கையை வீசினாள். "ஷெரோன், நான் யாரோடு கூட இருக்கப்போகிறேனோ அவர்களைத்தான் திருத்துவேன். மற்றவர்களை எதற்கு?"

ஷெரோன் அந்தப் பச்சைக் கட்டை ஒருதரம் புரட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்படியென்றால் எட்டு மாதமாக 'ஆங் கலிங்' என்றீர்களே?"

இமெல்டா கொஞ்சம் வெட்கப்பட்டாள். அவள் வெட்கப்பட்டு ஷெரோன் கண்டது அதுதான் முதல் தடவை. "பஸ்ஸில் 'சலாமாட்' என்று சொல்லும் கனடாக்காரனுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். உன்னைப் பற்றி நான் நினைத்தது வேறு. சமையலறைப் பகிடி, நாலு சொல், நாலு மாதம், பிறகு தம்பியை அழவைத்துவிட்டுப் போய்விடுவாய் என்று. முன்பும் ஒருத்தி அப்படிப் போனாள். திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. நான்கு வரிக்கு ஆறு பிழை. அர்னெல் எழுதித் தந்திருந்தால் இப்படி வந்திருக்காது, அவனுடைய பிழை எல்லாம் எனக்குத் தெரியும். இது முழுக்க உன்னுடையது. ஒருத்தி தனியாக உட்கார்ந்து மாய்ந்து மாய்ந்து எழுதியது. எனக்கு விளங்கிவிட்டது, இவள் போகமாட்டாள் என்று." பேனாவை மேசையில் தட்டினாள். "ஒன்று மட்டும் விளங்கவில்லை. எப்படி மூன்று இடத்திலும் நேர்மாறாக? அதற்கு ஒரு திட்டம் வேண்டுமே."

ஷெரோன் சொன்னாள். நீளம்தான் மரியாதை. அம்மாவுக்கும் கோழிக்கும் நீளம், எங்களுக்குக் குட்டை.

இமெல்டா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணினிக்குப் பின்னாலிருந்த தாத்தாவும் இனித் தலையைக் குனிந்து பயனில்லை என்று சிரித்தார். "கோழிக்கு மரியாதை!" என்று இமெல்டா மூச்சு வாங்கினாள். "ஐயோ ஷெரோன், கோழிக்கு!" ஷெரோனுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்தது. தாத்தா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"சரி, ஞாயிற்றுக்கிழமை?" என்று விக்கலுக்கு நடுவில் கேட்டாள்.

"அதைத்தான் நான் கேட்கிறேன். Ulitin என்று எழுதினேன் அல்லவா? அந்தச் சொல்லைப் போட்டால் பக்கம் அச்சுக்குப் போகிறது என்று அர்த்தம், செம்மைப் பிரதி கொண்டு வா என்று அர்த்தம். மூன்று நாளாகக் காத்திருக்கிறேன். திருத்தாத அழைப்புக்கு நான் எப்படி வருவது?"

ஷெரோன் அங்கேயே, ஒரு விளம்பரப் படிவத்தின் பின்பக்கத்தில், நின்றபடி எழுதினாள். Magandang. ng nanay ko. maliit na bahay namin. ng manok. nang mabuti. இமெல்டா வாசித்தாள். பேனா முனை எழுத்துக்கு மேலே ஒவ்வொன்றாக நகர்ந்தது. கடைசிப் புள்ளிக்குப் பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "எத்தனை மணிக்கு?"

கீழே இறங்கியதும் ஷெரோன் தெருத் தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்தாள். "அம்மா! கோழி!"

"என்னடி கோழி?"

"வேணும்! மூண்டும் வேணும்! அவை வருகினம்!"

"விசரே உனக்கு? நான் இப்பதானே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்!" தொலைபேசி டொக்கென்று வைக்கப்பட்டது. பிலோமினம்மா சந்தை மூடுவதற்குள் ஓடியிருப்பா.

சந்தோஷத்தில் மிதந்துகொண்டு மெத்ரோவில் வந்தவளுக்கு ஸ்னோடன் நிலையத்தில் ரயில் மாறும்போதுதான் அந்த நினைவு வந்து நெஞ்சில் இடித்தது. 'நல்லாக் கதைக்கிறீர் தம்பி, இருங்கோ.' அம்மா தன் பிள்ளைகள் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் விடவே மாட்டா. 'வாயை ஒழுங்காத் திறந்து கதை' என்று தலையில் குட்டுவா. அர்னெலுக்கு மட்டும் எட்டு மாதமாக ஒரு குட்டும் இல்லை. 'நான் சாப்பிட்டது நீங்கள்' என்றபோதுகூட இல்லை. அம்மாவும் நன்றி, மிக நன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறா. இமெல்டா வந்து முறையாகக் கேட்டாலும் அம்மா அதே புன்சிரிப்போடு, 'பாப்பம், யோசிச்சுச் சொல்லுறம்' என்று சொல்லிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இமெல்டாவும் அர்னெலும் மூன்று மாடி ஏறி வந்தார்கள். ஒரு தட்டு நிறைய நூடில்ஸ், ஒரு பெரிய கேக். அர்னெல் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான், அது அவனைக் கட்டியிருந்தது என்று சொன்னாலும் சரிதான். பிலோமினம்மா சேலை உடுத்தி, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து, வாசலில் நின்று வரவேற்றா.

"வாங்கோ, வாங்கோ. இருங்கோ. கேக் நல்ல வடிவாயிருக்கு. நூடில்ஸ் நல்ல வாசம்."

ஒவ்வொரு நல்லதற்கும் ஷெரோனின் நம்பிக்கை ஒரு படி கீழே இறங்கியது. கோழிக் கறி வந்தது. இமெல்டாவுக்கு உறைப்பில் கண்ணீர் ஓடியது. "மிக நன்று" என்றாள் அவளும், ஆங்கிலத்தில். "மெத்தச் சந்தோஷம்" என்றா பிலோமினம்மா. போச்சு, எல்லாம் போச்சு, இரண்டு பேரும் மரியாதையிலேயே கலியாணத்தைப் புதைக்கப்போகிறார்கள் என்று ஷெரோன் நினைத்தாள்.

கை கழுவி வந்த இமெல்டா ஒரு துண்டுக் கடதாசியை எடுத்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ். பல் வைத்தியரிடம் வரும் ஒரு தமிழ்ப் பெடியனிடம் நேற்றுக் கேட்டு எழுதிக்கொண்டாளாம், மிச்சத்தைத் தானே பொருத்தினாளாம். ஷெரோனுக்கு அது தெரியாது. இமெல்டா எழுந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு வாசித்தாள்.

"அம்மா. உங்கட மகள் நல்லவன். அவன எங்கட வீட்டுக்கு... தருவானா?"

அவர்களுடைய மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான், இமெல்டாவுக்கு என்ன தெரியும்? ஷெரோன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லாக் கதைக்கிறீர் என்று மட்டும் சொல்லாதே அம்மா. கர்த்தரே, அதை மட்டும் சொல்ல விடாதே.

பிலோமினம்மாவின் முகத்தில் இருந்த புன்சிரிப்பு மறைந்தது. புருவம் சுருங்கியது. பிள்ளைகள் பயப்படும் அந்தப் புருவம்.

"என்ன பிள்ளை இது? நல்லவனோ? அவள் பொம்பிளைப் பிள்ளை. 'நல்லவள்' எண்டு சொல்லோணும். 'அவளை.' பேந்து என்னைப் பாத்து 'தருவானா' எண்டு கேக்கிறதோ? 'தருவீங்களோ' எண்டு கேளும்." கையை நீட்டி அந்தத் துண்டுக் கடதாசியை வாங்கினா. பார்த்தா, தலையை ஆட்டினா, திருப்பிக் கொடுத்தா. "வாயை நல்லாத் திறந்து, எங்க, திருப்பிச் சொல்லும் பாப்பம்."

இமெல்டா ஒன்றும் விளங்காமல் ஷெரோனைப் பார்த்தாள். "என்ன சொல்கிறா? கோபமா?"

ஷெரோனுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. "உலிதின்" என்றாள். "உலிதின் என்று சொல்கிறா!"

இமெல்டா கைப்பையைத் திறந்து பச்சைப் பேனாவை எடுத்தாள். பிலோமினம்மாவின் பக்கத்தில், சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, சொல்லச் சொல்லத் தன் கடதாசியிலேயே வெட்டித் திருத்தினாள். இரண்டு தரம் தப்பாகச் சொன்னாள், இரண்டு தரமும் குட்டு விழாத குறையாக அதட்டு வாங்கினாள். அர்னெல் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டு, "அம்மா, நானும்!" என்று முன்னால் வந்தான்.

"நீர் இரும். உமக்கு நிறைய இருக்கு, எட்டு மாசத்துக் கணக்கு. பேந்து பாப்பம்" என்றா பிலோமினம்மா.

மூன்றாவது தடவை இமெல்டா மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்தாள். "அம்மா. உங்கட மகள் நல்லவள். அவளை எங்கட வீட்டுக்குத் தருவீங்களோ?"

பிலோமினம்மா அதில் பிழை இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தா. இருக்கவில்லை.

"ஓம் பிள்ளை," என்றா. "தாறன்."